நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்தால்: பழைய வரிமுறையா, புதியதா, நிவாரணம் கேட்பதா, விடுவதா?

2022-இல் வர வேண்டிய தேர்வுநிலை ஆணை 2025-இல் வருகிறது. மூன்று ஆண்டு வித்தியாசமும் ஒரே நிலுவைப் பட்டியலாகக் கருவூலத்தில் பாஸாகி, ஒரே நாளில் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ வேலை பார்க்கும் ஆசிரியருக்கு அது நல்ல செய்திதான். ஆனால் "12 லட்சம் வரை வரி இல்லை" என்று நிம்மதியாக இருந்தவருக்கு, அதே நிலுவையால் ஒரு லட்சம் ரூபாய் வரி வந்து நிற்கலாம். வருமான வரிச் சட்டம் 89-ஆம் பிரிவில் நிவாரணம் வைத்திருப்பது இப்படிப்பட்டவருக்காகத்தான்.

அந்த நிவாரணத்தைக் கேட்பதா விடுவதா, கேட்டால் பழைய வரிமுறையில் கேட்பதா புதியதில் கேட்பதா, சம்பளம் போடும் அலுவலகம் வழியாகவா ரிட்டர்ன் வழியாகவா என்று பல கேள்விகள் ஒரே நேரத்தில் எழும். இவற்றில் காசு அதிகம் புழங்குவது முதல் இரண்டில். எனவே அவற்றுக்கே இங்கே அதிக இடம். இங்குள்ள பிரிவு எண், படிவ எண், வரி விகிதம் எல்லாம் 2025-26 நிதியாண்டில், அதாவது 2026 மார்ச் 31-க்குள் கைக்கு வந்த நிலுவைக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதன்பின் வரும் பணத்துக்கு அந்தச் சட்டத்தின் எண்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். "2022-23க்கு உரிய பணம்தானே, அந்த ஆண்டு ரிட்டர்னைத் திருத்திப் போட்டுவிடலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். அது முடியாது. முன்பு வரி விதிக்கப்படாத நிலுவைக்கு, அது கைக்கு வந்த ஆண்டில்தான் வரி. பழைய ஆண்டுகளின் ரிட்டர்னைத் தொடவே வேண்டாம். அந்த ஆண்டுகளில் இந்தப் பணமும் சேர்ந்திருந்தால் எவ்வளவு கூடுதல் வரி கட்டியிருப்பீர்கள் என்று காகிதத்தில் கணக்குப் போடுகிறோம். இந்த ஆண்டு நிலுவையால் ஏறிய வரி அதைவிட அதிகமாக இருந்தால், அதிகமான அந்தத் தொகை மட்டும் கழிக்கப்படும். 21ஏ விதி சொல்லும் கணக்கு இவ்வளவுதான்.

எண்களை வைத்துப் பார்ப்போம். பாம்பன் பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2025-26-இல் அவருடைய வழக்கமான சம்பளம் 11,75,000 ரூபாய். அதோடு 3,60,000 ரூபாய் நிலுவை வருகிறது. அதில் 1,00,000 ரூபாய் 2022-23க்கு உரியது, 1,20,000 ரூபாய் 2023-24க்கு, 1,40,000 ரூபாய் 2024-25க்கு. முதல் இரண்டு ஆண்டுகளும் அவர் பழைய முறையில் ரிட்டர்ன் போட்டவர். 2024-25-இல் புதிய முறைக்கு மாறியவர்.

புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 ரூபாய் போக, நிலுவை இல்லாமல் அவருடைய வரிக்குரிய வருமானம் 11,00,000. 4 லட்சம் வரை வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 8-இலிருந்து 12 லட்சம் வரை 10 சதவீதம். ஆக 50,000 ரூபாய் வரி. வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் 87ஏ தள்ளுபடியில் அது அப்படியே கழிந்து, கட்ட வேண்டியது பூஜ்யம். நிலுவையைச் சேர்த்தால் வருமானம் 14,60,000 ஆகிவிடும். 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போய்விடும். 12 லட்சம் வரைக்குமான 60,000 ரூபாயும், அதற்கு மேல் உள்ள 2,60,000-க்கு 15 சதவீதமான 39,000 ரூபாயும் சேர்ந்து 99,000. 4 சதவீத செஸ்ஸோடு 1,02,960 ரூபாய். 3,60,000 ரூபாய் நிலுவையால் ஏறிய வரி இது முழுவதும்.

இனி பழைய ஆண்டுகள். அந்தந்த ஆண்டு ரிட்டர்னில் உள்ள வரிக்குரிய வருமானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இவருக்கு அது 2022-23-இல் 6,00,000, 2023-24-இல் 6,60,000, 2024-25-இல் 10,25,000. செஸ் சேர்த்த வரி இப்படி வரும்:

| நிதியாண்டு | வரிமுறை | நிலுவை | அப்போதைய வரி | நிலுவை சேர்த்தால் வரி | கூடுதல் |
|---|---|---|---|---|---|
| 2022-23 | பழையது | 1,00,000 | 33,800 | 54,600 | 20,800 |
| 2023-24 | பழையது | 1,20,000 | 46,280 | 71,240 | 24,960 |
| 2024-25 | புதியது | 1,40,000 | 55,900 | 77,740 | 21,840 |

கூடுதல்களின் மொத்தம் 67,600 ரூபாய். நிலுவை உரிய காலத்திலேயே வந்திருந்தால் அவர் கட்டியிருக்க வேண்டிய வரி இதுதான். இப்போது ஏறியிருப்பது 1,02,960. வித்தியாசமான 35,360 ரூபாய்தான் 89-ஆம் பிரிவு நிவாரணம். அதைக் கழித்தால் அவர் கட்ட வேண்டியது 67,600 ரூபாய்.

பழைய ஆண்டு ஒவ்வொன்றுக்கும் அந்த ஆண்டு ரிட்டர்ன் எந்த முறையில் போடப்பட்டதோ அந்த முறையிலேயே கணக்கிட வேண்டும். இன்றைய அடுக்குகளை 2022-23க்குப் போட்டுப் பார்ப்பதும், அன்று பழைய முறையில் இருந்தவர் இன்று வசதிக்காகப் புதிய முறையில் கணக்குப் போடுவதும் தவறு.

இப்போது கேள்விக்கு வருவோம். நிலுவை வந்த ஆண்டில் பழைய முறைக்குப் போனால் என்ன ஆகும்? இவருக்கு வீட்டுக்கடன் வட்டி 1,75,000 ரூபாயும், 80சி-யில் முழு 1,50,000 ரூபாயும், நிலைக்கழிவு 50,000 ரூபாயும் உண்டு என்று கொள்வோம். நிலுவை இல்லாமல் வரிக்குரிய வருமானம் 8,00,000. வரி 75,400 ரூபாய். நிலுவையோடு 11,60,000, வரி 1,66,920 ரூபாய். நிலுவையால் ஏறியது 91,520. பழைய ஆண்டுகளின் 67,600-ஐக் கழித்தால் நிவாரணம் 23,920. கடைசியில் கட்ட வேண்டியது 1,43,000 ரூபாய்.

மூன்று விடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புதிய முறையில் நிவாரணம் கேட்டால் 67,600. புதிய முறையில் நிவாரணம் கேட்காமல் விட்டால் 1,02,960. பழைய முறையில் நிவாரணத்தோடு 1,43,000. இவருக்கு முடிவு சந்தேகமில்லாமல் முதலாவதுதான்.

இந்தக் கணக்குக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கணக்கில் பாதி வேலை குறையும். 1,43,000 என்பது 75,400-ம் 67,600-ம் சேர்ந்தது. புதிய முறையின் விடை பூஜ்யமும் 67,600-ம் சேர்ந்தது. நிவாரணம் கிடைக்கும்போதெல்லாம், கடைசியில் கட்டும் வரி என்பது வழக்கமான சம்பளத்துக்கு இந்த ஆண்டு வரும் வரியோடு பழைய ஆண்டுகளின் கூடுதலைச் சேர்த்தது மட்டுமே. பழைய ஆண்டுகளின் கூடுதல் இரண்டு முறையிலும் ஒன்றேதான். ஆகவே இரண்டிலும் நிவாரணம் கிடைக்கிற நிலையில், எந்த முறை என்பதை நிலுவையை மறந்துவிட்டு வழக்கமான சம்பளத்தை மட்டும் வைத்தே முடிவு செய்துவிடலாம். "நிவாரணத் தொகை எந்த முறையில் பெரிதாக வருகிறது" என்று தேடுவது வீண் வேலை. நிவாரணம் பெரிதாக வந்தும் கட்ட வேண்டிய வரி அதிகமாக இருக்கலாம். பார்க்க வேண்டியது கடைசி வரியைத்தான்.

நிவாரணமே வராத நிலைமைகளும் உண்டு. அவை அபூர்வமும் அல்ல. புதிய முறையின் அடுக்குகள் 2025-26-இல் நன்றாக அகலப்படுத்தப்பட்டுவிட்டன. அதனால் பழைய முறையில் 20 சதவீதத்தில் இருந்தவருக்கு, உரிய காலத்தில் பணம் வந்திருந்தால் கட்டியிருக்க வேண்டிய வரியைவிட இப்போதைய வரியே குறைவாக அமைந்துவிடும். வழக்கமான சம்பளத்திலேயே வரிக்குரிய வருமானம் 14,00,000 உள்ள ஒருவருக்கு அதே 3,60,000 நிலுவை வந்தால், புதிய முறையில் அதனால் ஏறும் வரி 64,480 ரூபாய்தான். அவருடைய பழைய ஆண்டுகள் எல்லாம் 20 சதவீத அடுக்குக்குள்ளேயே இருந்திருந்தால் அங்கே கூடுதல் 74,880. இப்போதைய வரியே குறைவு என்பதால் நிவாரணம் பூஜ்யம். இதில் நஷ்டம் எதுவும் இல்லை. குறையும் 10,400 ரூபாயை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். நிவாரணம் கேட்பதற்கான 10E படிவத்தை அவர் போடவே வேண்டாம்.

இதேபோல, நிலுவை சேர்ந்தும் புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் நின்றுவிட்டால் வரியே இல்லை. வரி இல்லாத இடத்தில் நிவாரணத்துக்கு வேலையும் இல்லை. பெரிய நிவாரணம் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான்: வழக்கமான சம்பளத்தில் 12 லட்சத்துக்குக் கீழே இருந்து, நிலுவையால் அதைத் தாண்டியவர்கள். நம் எடுத்துக்காட்டில் உள்ள ஆசிரியை அப்படிப்பட்டவர்தான்.

பழைய ஆண்டுக் கணக்கில் பலர் கால் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டு தள்ளுபடி வாங்கி வரியே கட்டாதவர், நிலுவைக்கு 5 சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார். பழைய முறையில் 4,80,000 ரூபாய் வருமானம் காட்டி, 5 லட்சம் வரைக்கான தள்ளுபடியால் வரி பூஜ்யமாக இருந்தவரை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டுக்கு உரிய 60,000 நிலுவையைச் சேர்த்தால் வருமானம் 5,40,000. தள்ளுபடி போய்விடும். வரி 12,500-ம் 8,000-ம் சேர்ந்து 20,500. செஸ்ஸோடு 21,320 ரூபாய். 60,000 ரூபாய்க்கு அந்த ஆண்டின் கூடுதல் இவ்வளவு. 3,000 ரூபாய் என்று எழுதினால் நிவாரணம் பதினெட்டாயிரத்துக்கும் மேல் ஊதிப்போய், பிறகு வட்டியோடு திரும்பக் கட்ட நேரிடும்.

ஆண்டுவாரியாகப் பிரிப்பதற்கு ஆதாரம் டியூ-டிரான் பட்டியல்தான். எந்த மாதத்துக்கு எவ்வளவு பெற வேண்டியது, எவ்வளவு பெற்றது, வித்தியாசம் எவ்வளவு என்று மாதவாரியாக அதில் இருக்கும். நிலுவைப் பட்டியல் தயாரித்த அலுவலகத்திலேயே அதன் நகலை கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது மார்ச் மாதத்தைக் கவனியுங்கள். அரசுச் சம்பளத்தில் மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில்தான் கைக்கு வரும். அதனால் வருமான வரிக் கணக்கு மார்ச் முதல் பிப்ரவரி வரை ஓடும். 2023 மார்ச் மாதத்து வித்தியாசத்தை 2022-23-இல் போடாமல் 2023-24-இல் போட வேண்டும். உங்கள் படிவம் 16 எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிகிறது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். மண்டபத்தில் உள்ள மத்திய அரசு நிலையங்களில் வேலை செய்கிறவர்களும் தங்கள் படிவம் 16-ஐ வைத்தே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

குடும்ப ஓய்வூதியத்தின் நிலுவைக்கும் இதே நிவாரணம் உண்டு. கணவர் இறந்து இரண்டு மூன்று ஆண்டு கழித்து மொத்தமாக ஓய்வூதியம் வரப்பெற்ற பெண்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அக்கம்பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

அடுத்தது, அலுவலகம் வழியா ரிட்டர்ன் வழியா என்பது. 192(2ஏ) பிரிவின்படி, அரசு ஊழியரும், கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், உள்ளாட்சி, பல்கலைக்கழகம், கல்வி நிறுவனம் போன்றவற்றில் வேலை செய்பவரும் 10E விவரங்களைச் சம்பளம் போடும் அலுவலரிடம் கொடுக்கலாம். அவர் நிவாரணத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் டிடிஎஸ் பிடிப்பார். நம் ஆசிரியைக்கு 35,360 ரூபாய் கையிலேயே நிற்கும். தனி முதலாளியோ கூட்டாண்மையோ நடத்தும் மீன் ஏற்றுமதி நிறுவனத்திலோ கடையிலோ வேலை செய்பவருக்கு இந்த வழி இல்லை. அவருக்கு ரிட்டர்ன் மட்டுமே.

இரண்டும் திறந்திருந்தால் அலுவலக வழியே மேல், பணம் முடங்காது என்பதால். ஆனால் அது நேரத்தைப் பொறுத்தது. நிலுவை நவம்பரிலோ டிசம்பரிலோ வந்தால் பிப்ரவரி சம்பளப் பட்டியலுக்குள் கணக்கைக் கொடுத்துவிடலாம். நிலுவை மார்ச் கடைசி வாரத்தில் வந்து, முழு வரியையும் அதிலேயே பிடித்துவிட்டால், அலுவலரோடு வாதாடிப் பயனில்லை. ரிட்டர்னில் கேட்டு ரீஃபண்டாக வாங்கிக்கொள்வதே சுலபம். எந்த வழியானாலும் வருமான வரித் தளத்தில் 10E-ஐ நீங்களே தாக்கல் செய்ய வேண்டும். "அலுவலகத்தில் கொடுத்துவிட்டேனே, படிவம் 16-இல் நிவாரணம் வந்திருக்கிறதே" என்று விட்டுவிட்டவர்களுக்குத்தான் பின்னால் நோட்டீஸ் வருகிறது.

தளத்தில் வழி இது: `incometax.gov.in`-இல் உள்ளே நுழைந்து, `e-File` → `Income Tax Forms` → `File Income Tax Forms`. அங்கே வருமான வகை சாராத படிவங்களின் பகுதியில் `Form 10E` இருக்கும். கேட்கும் `Assessment Year` என்பது பணம் கைக்கு வந்த ஆண்டுக்கானது. 2025-26-இல் வந்த நிலுவைக்கு `2026-27`-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலுவை 2022-23க்கு உரியது என்பதற்காக `2023-24`-ஐத் தேர்ந்தெடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அப்படிப் போட்ட படிவம் எதற்கும் உதவாது. அடுத்து நிலுவைக்கான `Annexure I`-ஐத் தேர்ந்தெடுத்து, அதன் அட்டவணையில் ஒவ்வொரு பழைய ஆண்டுக்கும் ஒரு வரி போடுங்கள். மேலே உள்ள அட்டவணையைப் போல ஒன்றை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருந்தால் கால் மணி நேர வேலை. கடைசியில் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். ஆதாரில் உள்ள கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சரிபார்க்காமல் விட்ட படிவம் தாக்கலானதாகக் கணக்கில் வராது.

இது முடிந்து ஒப்புகை எண் வந்த பிறகே ரிட்டர்ன். அதில் மொத்தச் சம்பளத்தில் நிலுவையும் சேர்ந்திருக்க வேண்டும். `Relief u/s 89` என்ற கட்டத்தில் 10E-இல் வந்த அதே தொகையை எழுதுங்கள். இன்னொரு பக்கம், பழைய முறைதான் லாபம் என்று முடிவெடுத்தவர்கள் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டாக வேண்டும். தாமதமானால் புதிய முறையில்தான் வரி கணக்கிடப்படும்.

10E இல்லாமல் நிவாரணம் கேட்டிருந்தால் 143(1) பிரிவின் கீழ் வரும் அறிவிப்பில் அது உடனே தெரியும். இரண்டு பத்திகளில், நீங்கள் எழுதியது ஒருபுறமும் துறை கணக்கிட்டது மறுபுறமும் இருக்கும். 89-ஆம் பிரிவுக்கான வரிசையில் உங்கள் பக்கம் 35,360-ம் துறையின் பக்கம் 0-ம் நின்றால், காரணம் பெரும்பாலும் படிவம் இல்லாமையோ தவறான ஆண்டோதான். அந்தத் தொகையும் அதற்கான வட்டியும் பாக்கியாகக் கேட்கப்படும். பயந்துபோய் உடனே கட்டிவிட வேண்டாம். முதலில் சரியான ஆண்டுக்கு 10E-ஐத் தாக்கல் செய்யுங்கள். திருத்திய ரிட்டர்னுக்கான கெடு முடியாமல் இருந்தால், 10E-க்குப் பிந்தைய தேதியில் அதைப் போடுவதே தெளிவான வழி. கெடு தாண்டியிருந்தால் 154-ஆம் பிரிவின் கீழ், தளத்தில் `Services` → `Rectification` வழியாகத் திருத்தம் கேட்கலாம். ஆனால் தாமதமாகப் போட்ட படிவத்தை அவர்கள் ஏற்பார்கள் என்று உறுதியாக நம்ப முடியாது. அறிவிப்புக்குப் பதில் எழுதும்போது 10E ஒப்புகை எண்ணும், அலுவலகத்தில் வாங்கி வைத்த டியூ-டிரான் நகலும் கையில் இருக்க வேண்டும்.